படுக்கையறை ஜன்னலும் பக்கத்து வீட்டுப் படிக்கட்டும்

திருச்சிக்கு வெளியே புது மனைப்பிரிவில் கட்டி முடித்த வீடாகத்தான் வாங்கினோம். கீழே ஒரு ஹால், இரண்டு படுக்கையறை, மேலே ஒரு அறை. என் கணவர் மஸ்கட்டில் வேலை. வீட்டில் நானும் அத்தையும் பையனும் மட்டும். பத்திரம், பட்டா, வங்கிக் கடன் இதையெல்லாம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்ல நாலு பேர் இருந்தார்கள். ஜன்னலைப் பார் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. குடிவந்த முதல் வருடத்தில் என்னை அதிகம் அழவைத்தது ஜன்னல்தான். இரண்டு ஜன்னல்களைச் சரிசெய்ய 70,000 ரூபாய்க்கு மேல் போனது, ஒரு கோடை முழுவதும் தூக்கமும் போனது.

வீட்டைக் கட்டி விற்றவர் எல்லா அறைக்கும் ஒரே கணக்கு வைத்திருந்தார். தரையிலிருந்து 3 அடியில் சில் என்கிற ஜன்னலின் அடிவிளிம்பு, 7 அடியில் லிண்டல் என்கிற மேல் உத்தரம், நடுவில் 4 அடி உயரத்துக்கு இரண்டு கண்ணாடிக் கதவுள்ள யூபிவிசி ஸ்லைடிங் ஜன்னல். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் இதே கணக்குதான். மேசையோ கட்டிலோ ஜன்னலடியில் போட வசதி, குழந்தை ஏறாது, அளவெல்லாம் ஒன்றாக இருந்தால் கடையிலும் மலிவு. அதில் தப்பில்லை. ஆனால் அந்த ஜன்னலுக்கு எதிரே என்ன இருக்கிறது, உள்ளே இருப்பவர் படுத்திருப்பாரா, உட்கார்ந்திருப்பாரா என்பது அந்தக் கணக்கில் வரவே வராது.

அத்தையின் அறை ஜன்னல் வடக்குப் பக்கம். நாங்கள் வீடு பார்க்க வந்தபோது அந்தப் பக்கம் வெறும் மனை. குடிவந்த சில மாதங்களில் அங்கே வீடு எழும்பியது, மாடியை வாடகைக்கு விடுவதற்காக வெளிப்பக்கம் ஒரு படிக்கட்டும் வந்தது. அதன் நடுத்தளம் எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே, சுமார் 7 அடி தூரத்தில். மாடியில் குடிவந்தவர்கள் நல்ல மனிதர்கள். ஆனால் படியில் ஏறி இறங்குபவர் கண்ணை மூடிக்கொண்டு போக முடியுமா? அத்தைக்கு மூட்டு வலி, பகலில் பாதி நேரம் படுக்கையில்தான். "யாரோ பாத்துக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கும்மா" என்று முதலில் சொன்னபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அவர் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டே படுக்க ஆரம்பித்தார், சித்திரை வெயிலிலும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

முதலில் செய்தது எல்லோரும் செய்வது: தடிமனான திரை. திரையை மூடினால் காற்று நின்றுவிடும், திறந்தால் படிக்கட்டு. மெல்லிய திரை போட்டால் மின்விசிறிக் காற்றுக்கே பறந்து ஒதுங்கியது. அடுத்து கடைக்காரர் சொன்னபடி, வெளியே இருந்து பார்த்தால் கண்ணாடி போலப் பளபளக்கும் ஃபிலிம் ஒட்டினோம். பகலில் அருமையாக இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் வானமும் எங்கள் சன்ஷேடும்தான் தெரிந்தன. ஒருநாள் இரவு குப்பை போட வெளியே போய்த் திரும்பியவள் அந்தப் பக்கம் பார்த்தேன். உள்ளே டியூப்லைட் எரிய, அத்தை கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பது திரைப்படம் மாதிரித் தெரிந்தது. எனக்குக் கை கால் உதறியது.

அந்த ஃபிலிமுக்கென்று ரகசியம் எதுவும் கிடையாது. எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் நிற்பவருக்கு அது கண்ணாடி. இருட்டில் நிற்பவருக்கு அது வெறும் ஜன்னல். பகலில் வெளியே வெளிச்சம், அதனால் உள்ளே தெரியாது. இரவில் விளக்குப் போட்டதும் எல்லாம் தலைகீழ். மெல்லிய திரைக்கும் இதே கதைதான். தவிர, காற்றுக்காகக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டால் ஃபிலிம் இருந்தும் பயனில்லை. ஃபிலிமும் திரைகளுமாக 9,500 ரூபாய் இப்படிப் போனது. வீடு வாங்கப் போகிறவர்கள் பகலில் மட்டும் பார்க்காமல் ஒருமுறை விளக்கு வைத்த பிறகு போய், எல்லா அறையிலும் லைட்டைப் போட்டுவிட்டுத் தெருவிலும் பக்கச் சந்திலும் நின்று பாருங்கள். காலி மனை இருக்கும் பக்கத்தில், நாளைக்கு அங்கே ஒரு மாடியும் படிக்கட்டும் வரும் என்று நினைத்துக்கொண்டே பாருங்கள்.

எனக்கு வழி காட்டியது பள்ளியில் என்னோடு வேலை செய்யும் கணக்கு ஆசிரியர். "டீச்சர், பார்வை நேர்க்கோட்டில்தானே போகும், ஒரு படம் போட்டுப் பாருங்களேன்" என்றார். சதுரக் கட்டம் போட்ட தாளில் வீட்டை வெட்டுத் தோற்றமாக வரைந்தோம், ஒரு கட்டம் ஒரு அடி. படிக்கட்டின் நடுத்தளம் நிலத்திலிருந்து 5 அடி. அதில் நிற்பவரின் கண் இன்னும் 5 அடி மேலே, ஆக 10 அடி. எங்கள் பேஸ்மட்டம் 2 அடி. அப்படியானால் அவர் கண் எங்கள் அறைத் தரையிலிருந்து 8 அடி உயரத்தில், ஜன்னலின் உச்சியைவிடவும் மேலே. அங்கிருந்து 3 அடி சில்லைத் தொட்டு ஒரு கோடு இழுத்தால், 7 அடி தூரத்தில் 5 அடி இறங்குகிறது. அதே சரிவில் அறைக்குள் நீட்டினால், மெத்தையின் உயரமான 2 அடிக்கு அது வரும் இடம் சுவரிலிருந்து ஒன்றரை அடிகூட இல்லை. கட்டிலை அறையில் எங்கே நகர்த்தினாலும் அது முழுசாகத் தெரியும் என்று அர்த்தம். நாங்கள் அதுவரை கட்டிலை மாற்றி மாற்றிப் போட்டதெல்லாம் வீண்.

அதே தாளில் சில்லை 5 அடிக்கு உயர்த்திக் கோடு போட்டார். இப்போது 7 அடியில் 3 அடிதான் இறங்குகிறது. அந்தக் கோடு மெத்தை மட்டத்துக்கு வர, உள்ளே 7 அடி போக வேண்டும். கட்டில் ஜன்னல் சுவரை ஒட்டி இருந்தால், அதன் நீளம் முழுவதும் கோட்டுக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். இங்கே கவனியுங்கள், ஜன்னலருகே படுத்தால்தான் அதிகம் தெரியும் என்று நாம் நினைப்போம். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஜன்னலடிதான் மறைவான இடம். கீழே தெருவில் நிற்பவர் பார்வை இதற்கு நேர்மாறாகப் போகும். அவருக்குக் கூரையும் மின்விசிறியும்தான் தெரியும். அதனால் சில் உயரத்தைக் கேட்கும்போதே "பார்ப்பவர் மேலே இருக்கிறாரா, கீழே இருக்கிறாரா" என்று கேட்டுவிட வேண்டும்.

சரி, செங்கல் வைத்து 5 அடி வரை அடைத்துவிடலாமே என்று மேஸ்திரி சொன்னார். செலவும் குறைவு. ஆனால் அடைத்தால் ஜன்னலில் பாதி போய்விடும். தேசியக் கட்டட விதித்தொகுப்பில், வெப்பமும் வறட்சியுமான பகுதியில் அறையின் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது திறப்பு இருக்க வேண்டும் என்று இருக்கிறது, ஈரப்பதமான வெப்பப் பகுதிக்கு ஆறில் ஒரு பங்கு. அத்தையின் அறை 10-க்கு 12, அதாவது 120 சதுர அடி. 4-க்கு 4 ஜன்னலைப் பாதியாக்கினால் மிஞ்சுவது 8 சதுர அடி. அதைவிட முக்கியம், 5 அடிக்கு மேல் வரும் காற்று படுத்திருப்பவர் தலைக்கு மேலே போய்விடும், உடம்பில் படாது. ஸ்லைடிங் ஜன்னலில் ஏற்கெனவே அந்தக் கஷ்டம் இருந்தது. இரண்டு கதவில் ஒன்று எப்போதும் மற்றொன்றின் பின்னால்தான் நிற்கும். 4 அடி அகல ஜன்னல் என்று காசு கொடுத்தாலும் காற்றுக்குத் திறப்பது 2 அடிதான். பாதிக் கதவைத் திறந்து பாதியை மூடினாலும் மறைவது இடமோ வலமோ, மேலும் கீழும் இல்லை. எனக்கு வேண்டியதோ கீழே மறைவும் மேலே திறப்பும்.

அத்தைதான் சொன்னார்: "எங்க லால்குடி வீட்டு ஜன்னல் மாதிரி போட்டாத்தான் என்ன?" பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள், ஒரே நிலையில் நாலு கதவு, கீழே ஒரு ஜோடி, மேலே ஒரு ஜோடி. கீழ் ஜோடியைச் சாத்தி மேல் ஜோடியைத் திறந்துவைப்பார்கள். தெருவோரத் திண்ணை வீட்டில் உள்ளே இருப்பவர் மானமும் போகாது, காற்றும் நிற்காது. ஆசாரியிடம் கேட்டேன். இப்போது யாரும் கேட்பதில்லை, ஆனால் செய்யத் தெரியும் என்றார். கீழ்க் கதவு முழுப் பலகையாக இருந்தால் காற்று வராதே என்றதும், ஒரு துண்டுப் பட்டையைக் கையில் எடுத்துச் சாய்த்துக் காட்டினார். 2 அங்குல அகலப் பட்டைகளை 45 பாகை சாய்வில், ஒன்றேகால் அங்குலத்துக்கு ஒன்று என்று அடுக்குவது. வெளி ஓரம் தாழ்ந்தும் உள் ஓரம் உயர்ந்தும் இருக்கும். மழை வெளியே வழிந்துவிடும். மேலிருந்து கீழ்நோக்கி வரும் பார்வை பட்டையின் முகத்தில் மோதி நின்றுவிடும். காற்று மட்டும் சந்து வழியாக உள்ளே ஏறும். அப்படி அடுக்கிய பட்டைகளைக் கண்ணுக்கு நேரே பிடித்து, நாற்காலியில் ஏறி நின்றும் தரையில் உட்கார்ந்தும் பார்த்தேன். மேலிருந்து ஒன்றும் தெரியவில்லை, தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் சந்து வழியே கூரை தெரிந்தது. அதனால் கீழேயிருந்து பார்க்கும் தெரு ஒட்டிய மாடி அறைக்கு இதே சாய்வு உதவாது என்பதும் அங்கேயே புரிந்தது.

வேங்கை மரத்தில் 4-க்கு 4 நிலை, நாலு கதவு, உள்பக்கம் கொசுவலை, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 27,000 ரூபாய். திறப்பின் அளவு மாறாததால் சுவரை உடைக்க வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே இருந்த கிரில் நடுவில், மரக்கதவு அதற்கு வெளியே, கொசுவலை உள்ளே. வெளியே திறக்கும் கதவென்றால் பக்கச் சந்தில் நடப்பவர் தலையில் இடிக்குமா என்று முன்பே பாருங்கள். எங்கள் பக்கம் இடம் இருந்தது. இரண்டரை, மூன்று அடிச் சந்துதான் என்றால் 2 அடிக் கதவு திறந்ததும் வழியே அடைபடும். அங்கே ஒரு ஜோடிக்குப் பதில் குறுகலான கதவுகளாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். யூபிவிசியில் வேண்டுமென்றால் கீழே மங்கல் கண்ணாடி வைத்த நிலைத்த பாகமும் மேலே திறக்கும் பாகமுமாகச் செய்து தருகிறார்கள், பராமரிப்புக் குறைவு. ஆனால் கீழ்ப்பாகத்தில் காற்று வராது. மங்கல் கண்ணாடியின் சொரசொரப்பான பக்கத்தை வெளியே வைத்துவிட்டால் மழையில் நனைந்ததும் அது தெளிந்துவிடும். கடையில் சொல்லி அந்தப் பக்கத்தை உள்ளே வரும்படி வைக்கச் சொல்லுங்கள்.

ஹால் ஜன்னல் கதை வேறு. அங்கே பிரச்சினை யாராவது எட்டிப் பார்ப்பது அல்ல, எங்களுக்கு எதுவும் தெரியாததுதான். வீட்டுக்கு முன்னால் 10 அடி இடம் இருக்கிறது. குடிவந்ததும் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் வைத்தேன், தெருவில் ஒரு பெரிய புங்கமரம். சோபாவில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தால் தெரிந்தது காம்பவுண்டு சுவரின் மேல் விளிம்பும் எதிர் வீட்டு மீட்டர் பெட்டியும். அதிலும் கிரிலின் குறுக்குப் பட்டை சரியாக 4 அடியில், ஸ்லைடிங் கதவுகள் சேரும் தடித்த சட்டம் நட்டநடுவில். உட்கார்ந்திருப்பவர் கண் தரையிலிருந்து சுமார் 3 அடி 9 அங்குலம். ஆக, பார்க்கும் இடத்திலேயே ஒரு சிலுவை. சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து காப்பியோடு உட்கார்ந்தால் சிறைக்குள் இருப்பது போலத்தான் இருந்தது.

சில்லை 1 அடி 9 அங்குலத்துக்கு இறக்க வேண்டும் என்றதும் எல்லோரும் தடுத்தார்கள். தெருவிலிருந்து எல்லாம் தெரியும், தனியாக இருக்கிற பொம்பளைகள் என்றார்கள். கட்டத் தாளை மறுபடி எடுத்தேன். காம்பவுண்டு சுவர் 5 அடி. தெருவில் சுவரிலிருந்து 4 அடி தள்ளி நடக்கிற, கண் 5 அடி 3 அங்குலத்தில் இருக்கும் ஆளை வரைந்தேன். அவர் பார்வை சுவரின் மேல் விளிம்பைத் தாண்டி எங்கள் ஜன்னலுக்கு வரும்போது அறைத் தரையிலிருந்து சுமார் 2 அடி 4 அங்குலத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே எவ்வளவு திறந்தாலும் அவருக்குத் தெரியாது, சுவர் மறைத்துவிடுகிறது. சில்லை 3 அடியிலிருந்து இறக்கியதால் தெருவுக்குப் புதிதாகத் திறந்தது வெறும் 8 அங்குலம். எனக்கோ சுவரடிச் செடிகள் வேரிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் முழுசாகத் தெரியும். உட்கார்ந்திருப்பவரின் முகம் முன்பும் தெரிந்தது, இனியும் தெரியும். அதற்கு மருந்து சில்லை உயர்த்துவது இல்லை, சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்குச் செடி வளர்ப்பதும் இரவில் திரை போடுவதும்தான். ஒன்று மட்டும், இந்தக் கணக்கு தெரு மட்டம் மாறாத வரைதான். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டால், பார்ப்பவர் கண்ணும் அத்தனை அங்குலம் உயரும்.

ஜன்னலின் எந்தப் பக்கத்தை மாற்றுவது சுலபம் என்பதை மேஸ்திரிதான் சொல்லிக்கொடுத்தார். கீழே இறக்குவதும் கீழே அடைப்பதும் சின்ன வேலை, ஏனென்றால் மேலே லிண்டல் அப்படியே இருக்கும், சுமை அதன் மேல்தான். அகலப்படுத்த வேண்டும் என்றால் லிண்டல் இரு பக்கமும் சுவரில் உட்கார்ந்திருக்கும் இடத்தையே உடைக்க வேண்டிவரும், அப்போது புது லிண்டல் போட வேண்டும். உச்சியை உயர்த்துவதும் அதே கதை. ஆகவே கட்டும்போது அகலத்திலும் லிண்டல் மட்டத்திலும் தாராளமாக இருந்துவிட்டால், சில்லை அப்புறம்கூடப் பேசிக்கொள்ளலாம்.

கடைக்காரர், பழைய ஸ்லைடிங்கை அப்படியே விட்டுவிட்டுக் கீழே ஒன்றேகால் அடிக்கு ஒரு நிலைத்த கண்ணாடி போட்டால் பாதிச் செலவில் முடியும் என்றார். அட்டையில் 5 அங்குலப் பட்டை வெட்டி 3 அடி உயரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன். செடிகளின் பூக்கும் தலை மட்டும் அதன் பின்னால் போனது. வேண்டாம் என்று முழு ஜன்னலையே மாற்றினேன். முன்பிருந்த அதே 5 அடி அகலத்தில் நடுவே 2 அடி நிலைத்த கண்ணாடி, இரு பக்கமும் ஒன்றரை அடியில் வெளியே திறக்கும் கதவு. நடுவில் சட்டமே கிடையாது. சில் தாழ்ந்து இருப்பதால் டஃபன்ட் கண்ணாடியாகவே கேட்டு வாங்கினேன், பையன் பந்தோடு விளையாடுவான். கிரில் நேர் கம்பி, 4 அங்குல இடைவெளி. கம்பி அதிராமல் இருக்க ஒரு குறுக்குப் பட்டை அவசியம் என்றார்கள், அதைக் கண் மட்டத்துக்கு மேலே 5 அடி 6 அங்குலத்தில் வைக்கச் சொன்னேன். குறுக்குக் கம்பி வரிசை குழந்தைக்கு ஏணி. தாழ்ந்த சில்லில், அதுவும் மாடியில், நேர் கம்பிதான் வேண்டும். உடைத்த கூலி, பூச்சு, ஜன்னல், கிரில் எல்லாம் 34,000 ரூபாய் ஆனது. அந்தத் தொகை எனக்குப் பெரிது, கொடுக்கும்போது கை நடுங்கியது. ஆனாலும் செய்திருக்க வேண்டாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

சில் உயரம் சொல்லும்போது எதிலிருந்து என்று சொல்லுங்கள். சுவர் எழும்பும் சமயத்தில் தரையில் டைல்ஸ் இருக்காது. அந்த வெறும் மட்டத்திலிருந்து 3 அடி அளந்தால், கலவையும் டைல்ஸும் வந்தபின் 2 அடி 9 அங்குலமாகிவிடும். பூசி முடித்த தரையிலிருந்து என்று தாளில் எழுதிக் கொடுங்கள். சில் கல்லுக்கு வெளிப்பக்கம் கொஞ்சம் சரிவு இருக்கிறதா என்றும் பாருங்கள், தாழ்ந்த சில்லில் மழைச்சாரல் அதிகம் அடிக்கும்.

அத்தையின் அறையில் தீராத ஒன்றும் இருக்கிறது. மேல் கதவுகள் திறந்திருந்தால், அறை நடுவில் நிற்பவர் இடுப்புக்கு மேலே படிக்கட்டிலிருந்து தெரிவார். தாளில் போட்ட கோடும் அதையேதான் சொன்னது. பீரோவை ஜன்னல் சுவரின் மூலைக்கு மாற்றி, புடவை மாற்றுவதை அங்கே வைத்துக்கொண்டோம். அந்த மூலைக்குப் படிக்கட்டிலிருந்து பார்வை போகாது. மேல் கதவைச் சாத்த வேண்டியது இரவு விளக்கெரியும் அந்தக் கொஞ்ச நேரம்தான்.